குழு ஒப்படைவில் வேலையைப் பிரிப்பதும் பங்களிப்பைப் பதிவு செய்வதும்: பி.எட். மாணவர்களின் கேள்விகள்

அடைவுத் தேர்வு தயாரிக்கும் குழு வேலை கிடைத்திருக்கிறது. ஐந்து பேர், மூன்று வாரம். எங்கிருந்து பிரிக்கத் தொடங்குவது?

யார் என்ன செய்வது என்பதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, என்னென்ன வேலை இருக்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஐவரும் சேர்ந்து மதிப்பிடுங்கள். பெயர் முதலில் வந்துவிட்டால் "அவருக்கு அது சுலபம்" என்ற பேச்சு கிளம்பி, மதிப்பீடு கோணிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பேசுவோம். எட்டாம் வகுப்பு அறிவியலில் 'விசையும் அழுத்தமும்' பாடத்துக்கு 25 மதிப்பெண் தேர்வு. ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண் வினா 5, ஆக 20 வினாக்கள். எழுதப்போவது 40 பிள்ளைகள். இருபதைத் தேர்ந்தெடுக்க முப்பதாவது எழுதிப் பார்க்க வேண்டும். நான் என் வகுப்பில் கொடுக்கும் தோராயமான கணக்கு இது:

| வேலை | மணி நேரம் |
|---|---|
| பாடத்தைப் படித்துக் கற்றல் நோக்கங்கள் எழுதுதல் | 5 |
| முப்பது வினாக்கள் எழுதுதல் | 10 |
| பிறர் வினாக்களைப் படித்துக் குறை சொல்லுதல் | 5 |
| வினாப் பகுப்பாய்வு, ஆளுக்கு நான்கு வினா | 5 |
| புளூபிரிண்ட் | 4 |
| தட்டச்சு, படம் வரைதல், நகல் எடுத்தல் | 6 |
| பள்ளியில் அனுமதி பெறுதல், தேர்வு நடத்துதல் | 6 |
| 40 விடைத்தாள் திருத்துதல் | 4 |
| பகுப்பாய்வு அட்டவணை, சரிபார்த்தல் | 5 |
| அறிக்கை | 10 |

மொத்தம் 60 மணி நேரம், ஆளுக்கு 12. உங்கள் குழுவின் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் முதல் நாளே ஐவரும் ஒப்புக்கொண்ட ஒரு கணக்கு இருக்க வேண்டும். பின்னால் எழும் எல்லாச் சச்சரவும் இந்தத் தாளுக்குத்தான் திரும்பி வரும்.

அவரவருக்கு வருவதை அவரவர் செய்வதுதானே நல்லது? எங்கள் குழுவில் ஒருவர் கணக்கில் கெட்டிக்காரர், ஒருவர் அழகாகப் படம் வரைவார்.

ஓர் அலுவலகத்துக்கு அது பொருந்தும், பயிற்சிக் கல்லூரிக்குப் பொருந்தாது. நான் பணிக்கு வந்த முதல் ஆண்டில் இதை உணராமல் ஒரு தவறு செய்தேன். குழுக்கள் தாங்களே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவியிடம், அவர்களுடைய அறிக்கையிலேயே இருந்த ஓர் எண்ணைக் காட்டி, "இந்த வினாவின் வேறுபடுத்தும் திறன் 0.45 என்று போட்டிருக்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மூன்று வாரமும் அவர் அட்டைப்படம் வரைந்து, கோடு போட்டு, தலைப்புகளை வண்ணத்தில் எழுதியிருந்தார். குழுவிலேயே அதிக நேரம் உழைத்தவரும் அவர்தான். உழைப்பு சரியாகப் பிரிந்திருந்தது, கற்றல் பிரியவில்லை. பிழை என்னுடையது.

அதன் பிறகு வேலைகளை இரண்டு வகையாகப் பார்க்கிறேன். நாளை தனியாக ஒரு வகுப்பறையில் நிற்கும்போது கட்டாயம் செய்ய வேண்டியவை ஒரு வகை. நோக்கம் எழுதுதல், வினா எழுதுதல், வினாவை விமர்சித்தல், விடைகளைப் பகுத்துப் பார்த்தல் ஆகியவை அதில் சேரும். இவற்றை ஐவரும் செய்ய வேண்டும். மேலே உள்ள பட்டியலில் முதல் நான்கு வரிகள் இவைதான். ஆளுக்கு 5 மணி நேரம் இதற்கே போய்விடும். எஞ்சிய 35 மணி நேரத்தை மட்டும் ஆளுக்கு 7 வீதம் பிரித்துக்கொள்ளுங்கள். திறமையையும் வசதியையும் பார்ப்பதற்கு அங்கே இடம் இருக்கிறது.

அந்த 35 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

புளூபிரிண்ட் எடுப்பவருக்கு 4 மணி நேரம் போக, அறிக்கையின் முன்னுரையும் நோக்கங்களும் 3. தட்டச்சுக்கு 6, அதைப் பற்றிய அறிக்கைப் பகுதிக்கு 1. பள்ளிக்குச் செல்பவருக்கும் அதே 6, 1. அட்டவணை போடுபவருக்கு 5, முடிவுகளை விளக்கி எழுத 2. விடைத்தாள் திருத்துபவருக்கு 4, அறிக்கையை ஒன்றாகத் தொகுக்க 3. ஐவருக்கும் ஏழேழு வந்துவிடுகிறது.

விடைத்தாள் திருத்துவதை மட்டும் நான்கைந்து பேருக்குப் பங்கு போடாதீர்கள். ஆளுக்கு எட்டுத் தாள் என்று பிரித்தால், இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஒருவர் தாராளமாகவும் ஒருவர் கறாராகவும் போட்டுவிடுவார். பிறகு நீங்கள் செய்யும் பகுப்பாய்வு பிள்ளைகளின் அறிவை அளக்காமல் உங்கள் கைகளை அளக்கும். ஒருவரே திருத்துவது நல்லது. இருவர் திருத்தியே ஆக வேண்டுமென்றால் தாள்வாரியாகப் பிரிக்காமல் வினாவாரியாகப் பிரியுங்கள்.

ஆளுக்கு ஆறு வினா என்று பிரித்தோம். ஒருவர் அரை மணி நேரத்தில் ஆறையும் எழுதிக் கொடுத்துவிட்டார். மற்றவர்களுக்கு ஒரு நாள் ஆனது. இது நியாயமா?

அந்த ஆறையும் எடுத்துப் பாருங்கள். "அழுத்தத்தின் அலகு என்ன?" போன்ற நினைவாற்றல் வினாக்களாகவே இருக்கும். அப்படி ஒரு வினா எழுதப் பத்து நிமிடம் போதும். "மணலில் நடக்க ஒட்டகத்தின் அகன்ற பாதம் எப்படி உதவுகிறது?" என்பதை நான்கு விடைகளோடு பலவுள் தெரிவு வினாவாக்கிப் பாருங்கள். பாடத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்ட பிள்ளை நம்பித் தேர்ந்தெடுக்கக்கூடிய மூன்று தவறான விடைகள் வேண்டும். அதற்கு அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும்.

எனவே எண்ணிக்கையோடு தரத்தையும் பிரியுங்கள். ஒவ்வொருவருக்கும் அறிதல் 2, புரிதல் 2, பயன்படுத்துதல் 2. முறையே 10, 15, 35 நிமிடம் என்று வைத்தால் ஆறு வினாவுக்குச் சரியாக இரண்டு மணி நேரம் வருகிறது. புளூபிரிண்ட் முதலில் முடிந்திருந்தால்தான் இப்படிப் பிரிக்க முடியும். பல குழுக்கள் வினாக்களை எழுதி முடித்த பிறகு அவற்றுக்கேற்ற புளூபிரிண்டைத் தயாரிக்கின்றன. வேலை கோணலாகப் பிரிவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் எழுதிய ஆறில் ஒன்றுதான் வினாத்தாளில் இடம்பெற்றது. என் பங்கு குறைந்துவிடுமா?

குறையாது. முப்பதில் பத்து கழிவது திட்டத்திலேயே இருக்கிறது. கழிந்த வினாவைக் கிழித்துப் போடாமல், ஏன் கழிந்தது என்று ஒரு வரி எழுதிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்: "இரண்டு விடைகள் சரியாக இருக்கின்றன", "சரியான விடையின் நீளமே அதைக் காட்டிக்கொடுக்கிறது" என்பது போல. உங்களுடைய ஐந்து வினாக்கள் கழிந்த காரணங்களைச் சொல்லத் தெரிந்தால், வாய்மொழித் தேர்வில் அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

யார் என்ன செய்தார்கள் என்று பதிவேட்டில் எப்படி எழுதுவது?

ஒரே நோட்டுப் புத்தகம், அல்லது எல்லோரும் திறக்கக்கூடிய ஒரே அட்டவணை. நாள், பெயர், செய்தது, எடுத்த நேரம், சான்று எங்கே இருக்கிறது என்று ஐந்து கட்டங்கள் போதும். வேலை செய்த அன்றே, செய்தவரே எழுத வேண்டும். குழுத் தலைவர் எல்லோருக்காகவும் வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதும் பதிவேட்டை நான் ஏற்பதில்லை. ஒரே மையில், ஒரே கையெழுத்தில் மூன்று வாரமும் இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

"வினாத்தாள் வேலையில் உதவினேன்" என்ற வரியால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்:

> 12ஆம் தேதி. வினா 7, 11, 18 ஆகியவற்றில் தவறான விடைகளை மாற்றி எழுதினேன். பழைய வடிவத்தில் எல்லோரும் ஒரே விடையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று குழு சொன்னது. 50 நிமிடம். பழைய தாளும் புதிய தாளும் கோப்பில் 14, 15ஆம் பக்கங்கள்.

இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் போய்ச் சரிபார்க்க முடியும். சரிபார்க்க முடியாத எதுவும் பதிவு ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத வேலைகளையும் எழுதுங்கள். தலைமையாசிரியரைப் பார்க்க இரண்டு முறை போய்த் திரும்பி வந்தது, விடைத்தாள்களை வரிசை எண்படி அடுக்கியது, ஐவருக்கும் ஒத்துவரும் நேரத்தைத் தேடிப் பிடித்தது எல்லாம் வேலைதான். இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் சத்தம் போடாதவர்கள். அவர்களுக்கு நியாயம் செய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி இந்த நோட்டுப் புத்தகம்.

இவ்வளவு எழுத வேண்டுமா? கடைசியில் ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று பேசிப் போட்டுவிட்டால் போதாதா?

போட்டுப் பாருங்கள், ஆனால் ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல். ஐந்து எண்களையும் கூட்டினால் பெரும்பாலும் நூறைத் தாண்டும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ராஸ், சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலையில் அவரவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டபோதும், இருவர் பங்கையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியே வந்தது. நாம் செய்தது நமக்கு விவரமாக நினைவிருக்கிறது; மற்றவர் செய்ததில் பாதியை நாம் பார்த்ததே இல்லை. மூன்று வாரம் கழித்து நினைவிலிருந்து போடும் சதவீதத்தில் இந்தக் கோணல் கட்டாயம் இருக்கும்.

கூகுள் டாக்ஸில் எல்லோரும் சேர்ந்து எழுதுகிறோம். யார் எதை எழுதினார்கள் என்று அதுவே காட்டுமே?

கணினியில் `File > Version history > See version history` என்று போனால் யார் எப்போது எதை மாற்றினார் என்பது வண்ணத்தில் தெரியும். பதிவேட்டுக்குத் துணையாக அது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் காகிதத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறார், இன்னொருவர் தட்டச்சு செய்கிறார் என்றால் வரலாற்றில் தட்டச்சு செய்தவர் பெயர்தான் நிற்கும். ஒட்டியவருக்கே உரிமை என்பதுதான் அங்கே கணக்கு. அதனால் கையெழுத்துப் பிரதியை, எழுதியவர் பெயரோடு, கோப்பில் வையுங்கள்.

எழுத்துரு பற்றியும் முதல் நாளே பேசிவிடுங்கள். ஒருவர் யூனிகோடிலும் இன்னொருவர் பாமினியிலும் தட்டச்சு செய்துவிட்டு இரண்டையும் இணைத்தால், பாதி அறிக்கை புரியாத குறிகளாகத் தெரியும். அதைச் சரிசெய்யும் இரவு வேலை தட்டச்சு செய்பவர் தலையில்தான் விழும், எந்தக் கணக்கிலும் வராமல்.

ஒருவர் எதையுமே செய்வதில்லை. சொல்லவும் சங்கடமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கடைசி வாரம் வரை பொறுத்திருக்காதீர்கள். இந்தக் கேள்வியோடு என்னிடம் வருபவர்களில் பலர் சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் வருகிறார்கள். அப்போது யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது, தண்டிக்கத்தான் முடியும்.

மூன்று வார வேலையென்றால் ஏழாம் நாள் ஐவரும் நோட்டைத் திறந்து வைத்து உட்காருங்கள். அன்றைக்குள் எல்லோருடைய ஆறு வினாக்களும் வந்திருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தால், யாரையும் குற்றம் சாட்டத் தேவையில்லை. காலியான கட்டம் தானே பேசும். அவரிடம் முதலில் ஒருவர் தனியாகப் பேசட்டும். பல நேரம் சோம்பல் காரணமாக இருப்பதில்லை. பயன்படுத்துதல் நிலை வினா எப்படி எழுதுவது என்று தெரியாமல், அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பார். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வினாக்களைச் சேர்ந்து எழுதினால் அது தீர்ந்துவிடும்.

அப்படியும் நகரவில்லையென்றால் பத்தாம் நாள், எந்த வேலை யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று நோட்டில் எழுதி, அவரையும் வைத்துக்கொண்டே விரிவுரையாளரிடம் காட்டுங்கள். அவருக்குத் தெரியாமல் போய்ச் சொல்லாதீர்கள். அவருடைய பங்கை இரவோடிரவாக நீங்களே எழுதி அவர் பெயரைப் போடவும் வேண்டாம். அதை உதவி என்று நினைத்துச் செய்கிறீர்கள். ஆனால் வினா எழுதத் தெரியாத ஓர் ஆசிரியரை ஒரு வகுப்புக்கு அனுப்பிவைக்கிறீர்கள்.

எங்கள் குழுவில் ஓர் அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. மாலையில் கூடும்போது அவரால் இருக்க முடிவதில்லை. அவருக்கு வேலையைக் குறைக்கலாமா?

குறைக்க வேண்டாம், மாற்றிக் கொடுங்கள். கூட்டத்துக்கு வருவது வேறு, வேலை செய்வது வேறு. விடைத்தாள் திருத்துவதும் தொகுப்பதும் வீட்டில், குழந்தை தூங்கும் நேரத்தில் செய்யக்கூடியவை. பள்ளிக்குப் போய் வரும் வேலையை விடுதியில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். வினா விமர்சனத்தை மட்டும் கல்லூரி நேரத்துக்குள், மதிய இடைவேளையில் வையுங்கள். "பாவம், அவரை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு மதிப்பெண் போடும்போது அதையே குறையாகக் காட்டும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அக்காவிடமே கேளுங்கள். எதை எடுத்துக்கொள்ள முடியும் என்று அவருக்குத் தெரியும்.

நகல் எடுக்கும் செலவு முழுவதையும் ஒருவரே கொடுத்துவிட்டார். அதைப் பங்களிப்பாக எழுதலாமா?

கூடாது. செலவைத் தனிப் பக்கத்தில் எழுதி ஐந்தாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். பணம் கொடுத்து வேலையிலிருந்து விலகிக்கொள்ள வழி வைத்தால், இல்லாதவர் எப்போதும் உழைப்பவராகவே இருக்க நேரும்.

பங்களிப்பைப் பார்த்து மதிப்பெண்ணை எப்படி மாற்றுவீர்கள்? கணக்கைச் சொல்லுங்கள்.

குழுவின் வேலைக்கு முதலில் ஒரு மதிப்பெண் போடுகிறேன். 20க்கு 16 என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒவ்வொருவரும் தன்னிடம் உள்ள 100 புள்ளிகளை மற்ற நால்வருக்கும் பிரித்து, மடித்த தாளில் எழுதித் தர வேண்டும். தனக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. எல்லோரும் சமமாக உழைத்திருந்தால் ஒவ்வொருவருக்கும் நான்கு பேரிடமிருந்தும் 25 வீதம் 100 சேரும்.

ஒரு குழுவில் இப்படி வருகிறது என்று கொள்ளுங்கள்: புளூபிரிண்ட் எடுத்தவருக்கு 112, தட்டச்சு செய்தவருக்கு 104, பள்ளிக்குச் சென்றவருக்கு 100, அட்டவணை போட்டவருக்கு 114, விடைத்தாள் திருத்தியவருக்கு 70. திருத்தியவர் ஐந்து நாள் தாமதித்ததால் அட்டவணை போட்டவர் ஒரே இரவில் முடிக்க வேண்டியிருந்தது என்று நோட்டும் காட்டுகிறது. 16இல் பாதியான 8ஐ எல்லோருக்கும் அப்படியே கொடுக்கிறேன். மற்ற பாதியை மட்டும் புள்ளிகளால் பெருக்குகிறேன். 70 பெற்றவருக்கு 8ஐ 0.70ஆல் பெருக்கினால் 5.6, மொத்தம் 13.6. 114 பெற்றவருக்கு 17.12. மற்ற மூவருக்கும் 16.96, 16.32, 16. ஐந்தையும் கூட்டினால் 80 வருகிறது. ஐந்து பேருக்கும் 16 போட்டிருந்தாலும் அதே 80தான்.

முழு மதிப்பெண்ணையும் பெருக்கினால் 70 பெற்றவர் 11.2க்கு இறங்கிவிடுவார். ஒரு தாமதத்துக்கு அது அதிகம் என்று நினைக்கிறேன். பாதியை மட்டும் மாற்றுவது என் முடிவு. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான `WebPA` என்ற செயலியிலும், சக மாணவர் மதிப்பீட்டால் எவ்வளவு பங்கு மாறலாம் என்பதை ஆசிரியரே தீர்மானிக்கலாம். எதைத் தீர்மானித்தாலும் அதை வேலை தொடங்கும் முன்பே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

நண்பர்கள் எல்லோரும் 25, 25 என்றே போட்டுவிடுவார்கள். அல்லது மூவர் சேர்ந்துகொண்டு ஒருவரைக் கீழே தள்ளிவிடுவார்கள். அப்போது?

இரண்டும் நடக்கும். 15க்குக் கீழோ 35க்கு மேலோ புள்ளி போடுபவர், நோட்டில் உள்ள ஒரு நாளைக் குறிப்பிட்டுக் காரணம் எழுத வேண்டும் என்பது என் விதி. காரணம் இல்லாத புள்ளியை 25ஆக மாற்றி, அவர் தந்த மற்றப் புள்ளிகளையும் மொத்தம் நூறு வரும்படி சரிசெய்துவிடுவேன். மூவர் ஒரே மாதிரி ஒருவரைத் தாழ்த்தியிருந்து, நோட்டில் அவருடைய வேலை முழுமையாக இருந்தால், அந்தக் குழுவுக்குப் புள்ளிக் கணக்கையே கைவிட்டு வாய்மொழித் தேர்வுக்குப் போகிறேன்.

அங்கே ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். தேர்வு எழுதிய 40 பிள்ளைகளில், மதிப்பெண் வரிசைப்படி மேல் 27 சதவீதமும் கீழ் 27 சதவீதமும் எடுத்தால் ஏறக்குறைய 11, 11. மேல் குழுவில் 9 பேரும் கீழ்க் குழுவில் 4 பேரும் ஒரு வினாவுக்குச் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். கடின அளவு 13ஐ 22ஆல் வகுத்து 0.59. வேறுபடுத்தும் திறன் 5ஐ 11ஆல் வகுத்து 0.45. "இந்த வினாவை அடுத்த ஆண்டும் வைப்பீர்களா, ஏன்?" என்று கேட்டால், தன் நான்கு வினாக்களைத் தானே பகுத்தவர் யோசித்துப் பதில் சொல்லிவிடுவார். மற்றவர் அறிக்கையின் பக்கத்தைத் தேடுவார்.

அறிக்கையின் கடைசியில் பங்களிப்பு அறிக்கை என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். அதில் என்ன எழுத வேண்டும்?

அரைப் பக்கம் போதும். "அனைவரும் சமமாகப் பங்களித்தோம்" என்ற ஒற்றை வரி வேண்டாம். ஐவரும் செய்த பொது வேலைகளை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பிறகு ஆளுக்கு இரண்டு வாக்கியம்: பொறுப்பேற்ற வேலை, வேலை கை மாறியிருந்தால் அது. திட்டமிட்ட நேரத்தையும் நோட்டின்படி ஆன நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். தட்டச்சுக்கு 6 என்று போட்டது 9 ஆகியிருந்தால் 9 என்றே இருக்கட்டும். அடுத்த குழு திட்டமிடும்போது அந்த எண்தான் அவர்களுக்கு உதவும். ஐவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஒருவருக்கு உடன்பாடு இல்லையென்றால், எதில் உடன்பாடு இல்லை என்பதை அவர் கைப்படக் கீழே எழுத இடம் விட்டு, அப்படியே சமர்ப்பியுங்கள்.